ஓரத்தில் மட்டும் எழுதுங்கள்

சித்தூரிலும் பிறகு திருப்பதியிலும் கண் முகாம் ஏற்பாட்டு வேலையிலேயே என் உத்தியோக காலம் போய்விட்டது. முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால் ஊர் ஊராக நோட்டீஸ் போக வேண்டும், சர்பஞ்சுக்குக் கடிதம் போக வேண்டும். அதை எழுதுவது புதிதாகச் சேர்ந்தவர் வேலை, பார்த்துக் கொடுப்பது என் வேலை. இப்போது அந்தப் பார்த்துக்கொடுக்கும் நாற்காலிக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நகரி பக்கத்து முகாமுக்காக ஒரு பெண் எழுதிய நோட்டீஸ் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். அவர் அப்போது சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

1. முதல் தடவை படிக்கும்போது பேனாவை மூடி வையுங்கள்.

கையில் பேனா திறந்திருந்தால் கண் எழுத்துப்பிழையைத்தான் தேடும். நோட்டீஸ் யாருக்குப் போகிறதோ அவராக உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள். என் கணக்கில் அவர் அறுபத்தைந்து வயது அம்மா. வலது கண் மங்கல். வீட்டில் தமிழ் பேசுவார், படித்தது தெலுங்கு மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. ஆக அவர் படிக்கப்போவதில்லை, பேரன் படித்துச் சொல்லப்போகிறான், அவனுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. இந்த ஒரு முறையில் பெரிய குறை எது என்று தெரிந்துவிடும். அந்தப் பெண்ணின் நோட்டீஸ் முழுக்க முழுக்கத் தமிழில் இருந்தது. சித்தூர் தமிழர்களுக்குத் தமிழில் எழுதுவதுதானே மரியாதை என்று நினைத்திருக்கிறார். நினைப்பில் தப்பில்லை. நான் ஓரத்தில் எழுதியது இவ்வளவுதான்: “இதை வீட்டில் யார் வாசித்துக் காட்டுவார்? அவர் எந்த ஸ்கூலில் படித்தார்?” மறுநாள் ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ் என்று வந்தது. இரண்டிலும் தேதி ஒரே இடத்தில், ஒரே அளவில்.

2. வரிக்கு மேலே எழுதாதீர்கள்.

ஓரத்தில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பதானால் ட்ராக் சேஞ்சஸ் பக்கமே போகாமல் கமென்ட் மட்டும் போடுங்கள். இது என் சொந்தத் தப்பிலிருந்து சொல்வது. என்னிடம் முதன்முதலில் வந்த ஜூனியரின் நோட்டீஸை ஒரு ராத்திரியில் உட்கார்ந்து தலை முதல் கால் வரை மாற்றி எழுதிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. முகாமுக்கு முந்தின நாள் ஒரு சர்பஞ்ச் போன் செய்து “முன்பரிசோதனைன்னு போட்டிருக்கீங்களே, அது எங்க, நம்ம ஊர்லயா?” என்று கேட்க, அந்தப் பையன் “சார்தான் எழுதினாரு, கேட்டுச் சொல்றேன்” என்றிருக்கிறான். அடுத்த நோட்டீஸை அரைகுறையாக நீட்டினான். “எப்படியும் நீங்க மாத்துவீங்க சார்” என்றான். அவன் சோம்பேறி இல்லை. மாற்றிவிடுவார் என்று தெரிந்த இடத்தில் யார்தான் மெனக்கெடுவார்கள்?

3. எது கேள்வி, எது திருத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேதி, கிழமை, இடம், போன் நம்பர், கொண்டுவர வேண்டிய காகிதம் ஆகியவற்றில் தப்பிருந்தால் கேள்வி கேட்டு விளையாடக் கூடாது. நேராகச் சொல்லிவிடுங்கள். ஒரு திருப்பதி நோட்டீஸில் மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றை முகாம் நாளாகப் போட்டிருந்தார்கள். தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை நடக்கும் வாரம் அது. ஊரே வேஷம் கட்டித் தெருவில் நிற்கும் நாளில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள யார் வருவார்? அங்கே போய் “இந்தத் தேதியைப் பற்றி யோசித்தாயா?” என்று எழுதினால் ஜூனியர் அரை நாள் மண்டையைக் குழப்பிக்கொள்வார். “ஜாத்திரை வாரம். தேதி மாற்று” போதும். சொல், வரிசை, தொனி ஆகியவற்றில்தான் கேள்வி வேலை செய்யும்.

4. மூன்றுக்கு மேல் வேண்டாம்.

உங்கள் கண்ணுக்குப் பதினைந்து குறை தெரியும். அதில் ஆள் வருவதையும் வராததையும் தீர்மானிப்பது எது என்று பார்த்தால் மூன்று தேறும். மீதியில் பாதி உங்கள் ருசி. “கேட்டுக்கொள்கிறோம்” எனக்குப் பிடிக்காது, அவருக்குப் பிடிக்கும். விட்டுவிடுங்கள்.

5. குறையைச் சொல்லாதீர்கள், அந்த வரியில் உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

இதுதான் இந்த வேலையின் மையம். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்த நோட்டீஸின் முக்கியமான பகுதி இப்படி இருந்தது: “கண்புரை நோயாளிகளுக்கு உள்விழி லென்ஸ் பொருத்தி அறுவை சிகிச்சை முற்றிலும் இலவசமாகச் செய்யப்படும். அனைவரும் கலந்துகொண்டு பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

இலக்கணம் சுத்தம், ஒரு பொய் கிடையாது. ஆனாலும் பஸ் பாதி காலியாகத் திரும்பியிருக்கும். எங்கள் முகாம்களில் ஆபரேஷன் அந்த ஊர் மண்டபத்தில் நடப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் பரிசோதனை, புரை முற்றியவர்களை மத்தியானமே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, திங்கள் ஆபரேஷன், செவ்வாய் திரும்பக் கொண்டுவந்து விடுவது. சாப்பாடும் படுக்கையும் ஆஸ்பத்திரியில். நோட்டீஸில் இதில் ஒரு வரி இல்லை. நோட்டீஸை நம்பிக் கட்டிய புடவையோடு வந்த அம்மா, பஸ்ஸைப் பார்த்ததும் “வீட்ல சொல்லலையே” என்று திரும்பிப் போய்விடுவார். சர்க்கரை மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்கு அங்கே போய்ச் சர்க்கரை ஏறினால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

இலவசம் என்று சொன்னால் மட்டும் ஜனங்கள் வந்துவிட மாட்டார்கள் என்பது என் ஊகம் அல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முகாம் நடத்திய கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 7 சதவீதம்தான். வராததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு எல்லாம் உண்டு. ஆபரேஷனுக்குக் காசு இல்லை என்றாலும் போய்வரும் செலவும் இழக்கும் கூலியும் செலவுதானே. அதற்கு முன்பு 1991இல் வந்த இன்னொரு ஆய்வு, ஆபரேஷனோடு போக்குவரத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாக வருகிறார்கள் என்று காட்டியது. ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசினாலும் அப்படித்தான் என்றது. எங்கள் ஆஸ்பத்திரியில் பஸ்ஸும் சாப்பாடும் இலவசமாகவே இருந்தது. அந்தப் பெண் அதை எழுதத்தான் மறந்திருந்தார்.

இப்போது நான் என்ன எழுத வேண்டும்? “விவரம் போதாது” என்று எழுதலாம். அதைப் படித்தால் அவர் ஆஸ்பத்திரியின் படுக்கை எண்ணிக்கையையும் டாக்டர்களின் பட்டங்களையும் சேர்ப்பார், நிறையப் பேர் அப்படிச் சேர்த்திருக்கிறார்கள். “பஸ், சாப்பாடு, மூன்று நாள், மாற்றுத்துணி என்று சேர்” என்று எழுதலாம். சேர்த்துவிடுவார், அடுத்த முறை வேறொன்றை விடுவார். நான் எழுதியது: “இந்த வரி படித்ததும் மண்டபத்திலேயே ஆபரேஷன் என்று நினைத்தேன். மத்தியானம் பஸ் ஏறும் இடத்தில் ஒரு பாட்டி உன்னைப் பிடித்து நிறுத்தி என்னென்ன கேட்பார்? ஒவ்வொன்றுக்கும் எந்த வரியில் பதில் இருக்கிறது?”

கூடவே ‘கண்புரை’யைச் சுழித்து, “மண்டபத்தில் வரிசையில் நிற்பவர்கள் இதை என்னவென்று சொல்கிறார்கள்?” என்று கேட்டேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது வரைவு வந்தது. கண்புரை போய் ‘கண்ணுல சுக்லம்’ வந்திருந்தது. நகரிக்காரர்கள் தெலுங்குச் சொல்லைத் தமிழில் கலந்து அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நர்சுகளிடம் கேட்டு வந்திருந்தார். கீழே அவர் எழுதியிருந்த வரிகள் இவை: “ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இதே இடத்தில் இறக்கிவிடுவோம். பஸ், சாப்பாடு, படுக்கை எதுக்கும் காசு இல்லை. சுகர், பி.பி. மாத்திரை இருந்தால் மூணு நாளைக்கு எடுத்துட்டு வாங்க. ஆதார் ஜெராக்ஸ், மாத்துத்துணி ஒண்ணு. மாட்டைப் பார்த்துக்க ஆள் சொல்லிட்டு வாங்க.”

அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கவே மாட்டேன். எத்தனையோ வருஷம் அந்த ஊர்களில் சுற்றியும் பால்காரருக்குச் சாயந்திரம் ஊற்ற வேண்டிய பாலைப் பற்றி எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் மாடு வைத்திருப்பவருக்குத் தோன்றியது. நான் மாற்றி எழுதியிருந்தால் அந்த வரி பிறந்தே இருக்காது.

6. மாதிரி காட்ட வேண்டுமானால் வேறு வேலையிலிருந்து காட்டுங்கள்.

சிலருக்குக் கேள்வி மட்டும் போதாது, ஒரு வரி பார்த்தால்தான் புரியும். அப்போது பழைய போலியோ சொட்டு மருந்து நோட்டீஸையோ ரத்ததான நோட்டீஸையோ எடுத்து வைத்து, “இதில் இந்த வரி என்ன செய்கிறது பார்” என்று காட்டுங்கள். கண் முகாமுக்கான வரியை நீங்களே எழுதி “உதாரணத்துக்கு” என்று கொடுத்தால் அது அப்படியே அச்சுக்குப் போகும். நான் சொல்கிறேன், கட்டாயம் போகும்.

7. நன்றாக இருப்பதையும் இடம் காட்டிச் சொல்லுங்கள்.

“நல்ல முயற்சி” என்பதில் ஒன்றும் இல்லை. “தேதியை மேலேயே பெரிதாகப் போட்டது நல்லது, தூரத்தில் ஒட்டினாலும் தெரியும்” என்றால் அடுத்த நோட்டீஸிலும் தேதி மேலேயே இருக்கும். சொல்லாமல் விட்டால், பல பேர் குறைகளைத் திருத்துகிற வேகத்தில் நன்றாக இருந்ததையும் எடுத்துவிடுகிறார்கள்.

8. இரண்டாவது சுற்றில் புதுக் குறை கண்டுபிடிக்காதீர்கள்.

முதலில் கேட்ட மூன்றுக்கும் பதில் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் சுற்றில் உங்கள் கண்ணில் படாதது உங்கள் தப்பு, தேதி மாதிரி விஷயமாக இருந்தாலொழிய அது அடுத்த முகாமுக்கு. இல்லாவிட்டால் நான்கு சுற்று, ஐந்து சுற்று என்று போய் ஜூனியருக்கு வெறுத்துவிடும். அந்தப் பெண் சர்பஞ்ச் கடிதத்தில் ‘மேன்மைதாங்கிய’ என்று ஆரம்பித்திருந்ததை இரண்டாவது சுற்றில்தான் பார்த்தேன். விட்டுவிட்டேன். சர்பஞ்சுக்கு அது பிடித்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

9. அச்சகம் ஆறு மணிக்கு மூடும், இப்போது ஐந்தரை என்றால் இந்த அறிவுரை எதுவும் பொருந்தாது.

நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். ஆனால் அவருடைய வரைவைக் கிழித்துப் போடாமல், மறுநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். நேரம் இருந்ததா இல்லையா என்பதில் உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்த ஐந்தரை மணி வாரத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்தது. ஜூனியரிடமிருந்து நோட்டீஸை மூன்று நாள் முன்னாலேயே வாங்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டது.