தவணை குறைந்தால் வட்டியும் குறையுமா?

கேள்வி: திருச்சியில் உள்ள என் வீட்டின் மேல் 22 லட்சம் வங்கிக் கடன் பாக்கி, இன்னும் 14 வருடம் கட்ட வேண்டும். மாடித் தளம் ஒழுகுகிறது, வயரிங்கும் பழசு. மொத்தம் 6 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. டாப்-அப் கடன் 9.25 சதவீத வட்டியில் மாதம் 6,382 ரூபாய். பர்சனல் லோன் 13 சதவீதம், 5 வருடம், மாதம் 13,652 ரூபாய். டாப்-அப்பே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 6,382 ரூபாயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய கடனுக்கு மீதமுள்ள 14 வருடத்துக்கும் இதையும் சேர்த்து நீட்டியதால்தான் தவணை இவ்வளவு சிறிதாகத் தெரிகிறது. வட்டி மாறாமல் இருந்தால்கூட, முடிவில் நீங்கள் கட்டும் வட்டி மட்டும் சுமார் 4.72 லட்சம். அதிக வட்டி என்று நீங்கள் ஒதுக்கும் பர்சனல் லோனில் அது 2.19 லட்சம்தான்.

அதே டாப்-அப்பை 5 வருடத்துக்குக் கேளுங்கள். தவணை 12,528 ரூபாய், மொத்த வட்டி 1.52 லட்சம். பர்சனல் லோனைவிட 67,000 ரூபாய் மிச்சம்.

மாதம் அவ்வளவு முடியாது என்றால் காலத்தை நீட்டி வாங்கிக்கொண்டு, போனஸோ சீட்டுப் பணமோ வரும்போது அசலில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. அங்கே அபராதம் இருக்கலாம். டாப்-அப்புக்குப் பெரும்பாலும் தனிக் கணக்கு எண் தருவார்கள். அந்த எண்ணிலேயே பணத்தைக் கட்டி, "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

டாப்-அப்பில் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் செலவு உண்டு. சில வங்கிகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் தொகைக்கு மறுபடி எம்.ஓ.டி. பதியச் சொல்லும், அதற்கு முத்திரைத் தீர்வை தனி. உங்கள் தேவை ஒன்றரை லட்சம், இரண்டு வருடம் என்றிருந்தால் வட்டியில் மிஞ்சுவது 6,300 ரூபாய்தான். அதை இந்தச் செலவுகளே விழுங்கிவிடும். அப்போது பர்சனல் லோனே போதும் என்பேன்.

வரிச் சலுகையை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. பில்கள் இருந்தால் பர்சனல் லோனுக்கும் அது கிடைக்கும். புதிய முறையில் இரண்டுக்குமே இல்லை.

மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மதிப்பீட்டாளர் வீட்டை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிடுவார். வரைபடத்தில் இல்லாத மாடி அறை ஏதும் இருந்தால் அதை மதிப்பில் சேர்க்காமல் விடலாம், விண்ணப்பமே நின்றும் போகலாம். அதனால் வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.