ஃபெதரை ஏற்றினால் ஒட்டு தெரியாதா?

வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் ஒரே பல்லவி: "ஜெனரேட்டிவ் ஃபில்லில் லோகோவை எடுக்கணுமா? ஃபெதரை நல்லா ஏத்து, ஒட்டே தெரியாது." யார் கிளப்பிவிட்டார்களோ! சின்ன லோகோவுக்கு இதைவிட மோசமான யோசனை கிடையாது.

ஃபெதர் ஓரத்தை மட்டும் மழுப்புவதில்லை. தேர்வின் எல்லையிலிருந்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்ந்தே கரையும். உப்பலமடுகு அருவிக்குப் போன ஒரு குழுப் படம் என்று வையுங்கள். சட்டைப் பையில் 90 பிக்சல் அகலம், 60 பிக்சல் உயரத்தில் பழைய லோகோ. லோகோ அளவுக்கே தேர்வு செய்து 30 ஃபெதர் கொடுத்தால், நான்கு பக்கக் கரைசலும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். லோகோவின் மையம்கூட ஏறத்தாழ 60 சதவீதம்தான் தேர்வாகியிருக்கும். விளைவு, பழைய லோகோ அடியில் மங்கலாகத் தெரியும்; வெளியே பட்டனும் பைத் தையலும் பாதி மாறியிருக்கும். இன்னும் ஏற்றினால் No pixels are more than 50% selected என்று ஃபோட்டோஷாப்பே எச்சரிக்கும். அதையும் படிக்காமல் ஓகே தட்டினால் என்ன செய்வது?

செய்ய வேண்டியது இதுதான். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, க்விக் மாஸ்க்கில் சுமார் 20 பிக்சல் பிரஷ், ஹார்ட்னெஸ் 80-க்கு மேல் வைத்து, லோகோவையும் அதைச் சுற்றி 12 பிக்சல் துணியையும் பூசுங்கள். ஃபெதர் 1 அல்லது 2 போதும். அந்த 12 பிக்சல் எதற்கு? ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகச் சுருக்குகிறது. அதனால் லோகோ ஓரத்தின் பிசிறு பக்கத்துத் துணியிலும் படிந்திருக்கும். ஒட்டிப் பூசினால் அந்தப் பிசிறு வளையமாக நிற்கும். நிரப்பும் கருவியும் அதையே மாதிரியாக எடுத்துக்கொள்ளும்.

முடிந்ததும் மூலப் படத்தின் நகலை மேலே வைத்து, பிளெண்டிங்கை Difference ஆக்குங்கள். பூசிய இடம் தவிர எல்லாம் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். பட்டன் பக்கம் வெளிச்சம் தெரிந்தால், நகலை அணைத்துவிட்டு, ஜெனரேட்டிவ் லேயரின் மாஸ்கில் அங்கே கறுப்பு பூசினால் பழைய பட்டன் திரும்பிவிடும்.

இன்னொரு பேச்சு: வாசகப் பெட்டியில் "லோகோவை மட்டும் மாற்று" என்று எழுதினால் போதுமாம். எல்லையைத் தீர்மானிப்பது தேர்வு, வாசகம் அல்ல. அழிப்பதற்குப் பெட்டியைக் காலியாகவே விடலாம். க்விக் மாஸ்க்கில் சிவப்பு பூசிய இடம்தான் மாறுமாம். தலைகீழ்: அமைப்பை மாற்றாதவரை சிவப்பு என்றால் பாதுகாத்த இடம். பூசி முடித்து, க்விக் மாஸ்க்கை விட்டு வெளியே வந்ததும் Ctrl+Shift+I அழுத்தித் திருப்புங்கள்.

புது லோகோவையும் ஜெனரேட்டிவ் ஃபில்லே வரைந்துவிடும் என்பவர்களிடம்தான் பொறுமை போகிறது. எழுத்தைக் குதறிவிடலாம். கருவியைத் துணியைச் சுத்தமாக்க மட்டும் விடுங்கள். லோகோவை வெக்டர் ஃபைலிலிருந்து மேலே வையுங்கள். வாடிக்கையாளர்களே, லோகோவைப் பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாகக் கொடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவீர்கள் என்றால், போட்டோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்புங்கள்.