இறந்தவரின் வங்கிப் பணம்: விண்ணப்பத்தைக் கொடுக்குமுன் சரிபார்ப்போம்



குடும்பத் தலைவர் இறந்த பின்னர் அவருடைய சேமிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறோம். அங்கே ஒரு படிவம் தருகிறார்கள். அதை நிரப்பிக் கடதாசிகளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். சில வாரங்களில் "பெயர் பிழை", "இன்னொரு பிள்ளையின் கையொப்பம் இல்லை" என்று எல்லாம் திரும்பி வருகின்றன. மூதூரிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்துபோவதற்கு ஒரு நாட்கூலி போய்விடுகிறது. ஆகவே வங்கி உத்தியோகத்தர் எதைத் தேடுகிறாரோ அதை நாமே வீட்டில் தேடிப் பார்ப்பதற்கு இப்பாடத்தில் பழகுவோம்.

வங்கிக்கு இரண்டு கேள்விகளே முக்கியமானவை. புத்தகத்தில் உள்ளவரும் இறந்தவரும் ஒரே ஆள்தானா? பணம் கேட்பவர்களைத் தவிர வேறு உரித்தாளர் யாராவது உண்டா? நாம் கொடுக்கும் கடதாசி ஒவ்வொன்றும் இவ்விரண்டில் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது

படிவத்தை நிரப்புமுன், கணக்கில் இறந்தவர் யாரையாவது பெயர் குறித்து வைத்திருக்கிறாரா என்று வங்கியில் கேளுங்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 544ஆம் பிரிவு, தமது மரணத்தின் பின் கணக்கிலுள்ள பணத்தைப் பெறுவதற்கு ஒருவரைப் பெயர் குறிக்க வைப்பாளருக்கு இடமளிக்கிறது. அப்படிக் குறித்திருந்தால் வங்கி அவருக்கே பணத்தைக் கொடுக்கும். மரணச் சான்றிதழும், பெயர் குறிக்கப்பட்டவர் தம்மை நிரூபிக்கும் அடையாள அட்டையும், சேமிப்புப் புத்தகமுமே அங்கு பிரதானமானவை.

இங்கே விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. அரசாங்கக் காணியின் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக மூத்த மகனின் பெயர் இருக்கும். "அப்பா என்னைத்தானே எழுதி வைத்தார்" என்று அவர் அந்தப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோவார். அது காணிக்கு மட்டும் உரியது. வங்கிக் கணக்குக்கு வங்கியில் எழுதிக்கொடுத்த பெயரே செல்லும்.

யாரையும் பெயர் குறிக்காவிட்டால் பணம் உரித்தாளர் எல்லோருக்கும் உரியது. இறந்தவரின் காணி, வீடு, பணம் எல்லாம் சேர்ந்த பெறுமதி 40 இலட்சம் ரூபாவோ அதற்கு மேலோ ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு வேண்டும். வங்கியிலுள்ள தொகையை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்கக்கூடாது. உறுதிக்காணியும் கணக்கில் சேரும். அதற்குக் குறைந்தால், கடதாசிகள் தெளிவாகவும் பிணக்கு இல்லாமலும் இருக்கும்போது வங்கிகள் நீதிமன்றம் போகாமலே கொடுப்பதுண்டு. மரணசாதனம் எழுதியிருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணக் குடும்பம்

விளங்கிக்கொள்வதற்காக ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் இருந்து, பின்னர் 2016இல் ஊர் திரும்பிய குடும்பம். தகப்பன் 2014இல் திருகோணமலை வைத்தியசாலையில் இறந்தார். 1994இல் திறந்த சேமிப்புப் புத்தகத்தில் கடைசிப் பதிவு 2005இல் உள்ளது. பெயர் குறிப்பு இல்லை. மனைவி இருக்கிறார். பிள்ளைகள் நால்வர்: இரண்டு பேர் ஊரில், ஒரு மகள் தமிழ்நாட்டில், ஒரு மகன் 2007இல் இரண்டு சிறுபிள்ளைகளை விட்டு இறந்துவிட்டார். இவர்களுடைய கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே ஆள்தானா?

ஒரு கொப்பித்தாளில் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கடதாசியிலும் இறந்தவரின் பெயர் எப்படி உள்ளதோ அப்படியே எழுத்து மாறாமல் எழுதுங்கள். சேமிப்புப் புத்தகம், அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் என எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எமது உதாரணத்தில் புத்தகத்தில் முதலெழுத்தும் பெயரும் மட்டும் உள்ளன. அடையாள அட்டையில் தகப்பன் பெயரும் முழுதாக உள்ளது. இது பெரிய தடையல்ல. மரணச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோர் பெயருக்குத் தனி இடம் உண்டு. அது முதலெழுத்துடன் பொருந்துகிறது. ஆனால் மரணத்தை அறிவித்தவர் ஒரு மருமகன். அவர் ஊரார் கூப்பிடும் வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டார். வயதையும் 65 என்று சொல்லியிருக்கிறார். அடையாள அட்டை இலக்கமோ 58இல் தொடங்குகிறது; அதாவது பிறந்தது 1958. இறக்கும்போது வயது 56தான் வரும். பெயரும் வயதும் இரண்டும் மாறியிருப்பதால் இவர் வேறொருவர் என்று வங்கி நினைக்க இடமுண்டு.

எழுத்தளவிலான வித்தியாசத்துக்கு, அதாவது 'கணபதிப்பிள்ளை' என்பதில் ஒரு 'ப்' விடுபட்டது போன்றதற்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் கொடுக்கும் சத்தியக் கடதாசியை வங்கிகள் ஏற்பதுண்டு. அதில் இரண்டு பெயர்களையும் உள்ளபடியே எழுத வேண்டும். முழுப் பெயரே மாறியிருந்தால் சத்தியக் கடதாசியை மட்டும் நம்பக்கூடாது. மரணம் பதியப்பட்ட பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது. மரணம் எங்கு நிகழ்ந்ததோ அந்தப் பிரிவிலேயே அது பதியப்படும். ஆகவே இக்குடும்பம் மூதூருக்கல்ல, திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கே போக வேண்டும்.

உயிருடன் இருப்பவர்களின் அடையாள அட்டையிலும் ஒரு வித்தியாசம் வரும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்கள். தாயின் பழைய கடதாசிகளில் பழைய இலக்கமும் படிவத்தில் புதிய இலக்கமும் இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய இலக்கத்தின் முன் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களை எழுதி, ஒரு பூச்சியம் போட்டு, மீதி நான்கையும் எழுதினால் புதிய இலக்கம் வரும். வராவிட்டால் எங்கோ பிழையாக எழுதியிருக்கிறோம்.

வேறு உரித்தாளர் உண்டா?

இக்குடும்பம் படிவத்தில் மனைவியையும் ஊரிலுள்ள இரண்டு பிள்ளைகளையும் மட்டும் எழுதியது. "மகள் அக்கரையில் இருக்கிறாள், மகன் செத்துப்போனான்" என்பது அவர்களின் எண்ணம். இதுவே மிகப் பெரிய பிழை. வெளிநாட்டில் இருப்பதால் மகளின் உரிமை போகாது. இறந்த மகனின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு இறங்கும்.

பொதுச் சட்டமாகிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மறுபாதி சமமாக. கணக்கில் 2,40,000 ரூபா இருந்தால் தாய்க்கு 1,20,000. மறுபாதி நான்காகப் பிரிந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் 30,000. இறந்த மகனின் 30,000 அவருடைய இரு பிள்ளைகளுக்கும் 15,000 வீதம். தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டம் உண்டு; அவர்கள் பங்கை இக்கணக்கின்படி எழுதக்கூடாது.

ஒருவரை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? வங்கி, பணம் பெறுபவர்களிடமும் பிணையாளர்களிடமும் ஈட்டுறுதிப் பத்திரம் ஒன்றில் கையொப்பம் வாங்கும். பின்னர் வேறொரு உரித்தாளர் வந்தால் அந்தப் பணத்தை நாங்கள் திருப்பிக் கட்டுவோம் என்பதே அதன் பொருள். ஆகவே மகளின் பெயரை விட்டுவிட்டுப் பணம் எடுத்தால், பிணைக்கு வந்த அயலவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். மகள் தமிழ்நாட்டில் எவர் முன்னிலையில் கையொப்பமிட்டால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று வங்கியிடம் முதலிலேயே கேட்டு, அதன்படி அவருக்கு அறிவிக்க வேண்டும். சிறுபிள்ளைகளின் பங்கை எக்கணக்கில் வைப்பது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

குடும்ப அங்கத்தவர் பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திப் பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவது வழக்கம். இடம்பெயர்ந்தோருக்கு இரண்டு கிராம உத்தியோகத்தர்கள் உண்டு. முகாம் இருந்த பிரிவில் உள்ளவருக்குக் குடும்பத்தின் பழைய விபரம் தெரியாது. 2007இல் இறந்த மகனை அவர் அறியமாட்டார். சொந்த ஊர்ப் பிரிவின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. இரண்டு கடிதங்களிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தாயின் விவாகம் பதியப்படாதிருந்தால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கு அங்கு பதில் எழுதப்பட்டிருக்கும்.

பழைய புத்தகமும் தொலைந்த புத்தகமும்

கடைசிப் பதிவு 2005 என்பதால் பணம் அழிந்துவிடாது. பத்து வருடங்கள் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் வங்கிச் சட்டத்தின்படி கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்கு அனுப்பப்படும். உரியவரோ உரித்தாளரோ அதைத் தமது வங்கி ஊடாகவே திருப்பிக் கேட்கலாம். "எங்களிடம் கணக்கு இல்லை" என்று கவுண்டரில் சொன்னால், மத்திய வங்கிக்கு அனுப்பப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் சத்தியக் கடதாசியும் கேட்பார்கள்.

இறந்த திகதிக்குப் பின் இறந்தவரின் அட்டையால் இயந்திரத்தில் பணம் எடுக்கக்கூடாது. செலவு மரணச் சடங்குக்கே ஆனாலும், அந்தப் பதிவு கணக்கில் நின்று உரித்தாளரிடையே சந்தேகத்தை உண்டாக்கும்.

காணாமற்போனவரின் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமைச் சான்றிதழ், ஒருவர் இறந்தார் என்று சொல்வதில்லை. அதை வைத்துக்கொண்டு இப்படிவத்தில் "இறந்த திகதி" எழுத வேண்டாம். அச்சான்றிதழைக் காட்டி, அதற்குரிய நடைமுறையை வங்கி முகாமையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கொடுக்கும் நாளில்

கணக்கு இலக்கத்தை ஒருவர் புத்தகத்திலிருந்து உரக்க வாசிக்க, இன்னொருவர் படிவத்தில் பார்த்துச் சரிபிடிக்கட்டும். இறந்த திகதி மரணச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். வெட்டி எழுதிய இடங்களில் கையொப்பமிடுங்கள். வெற்றிடமுள்ள படிவத்தில் ஒருவரும் கைநாட்டோ கையொப்பமோ வைக்க வேண்டாம். மூலப் பிரதிகளைக் காட்டிவிட்டு நிழற்பிரதிகளைக் கொடுங்கள். வங்கி மூலப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் ஒரு நிழற்பிரதி எடுத்துவைத்து, எவற்றைப் பெற்றார்கள் என்று திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள்.

குழுவில் செய்து பார்க்க

1. உங்கள் குடும்பத் தலைவரின் பெயர் எத்தனை கடதாசிகளில் எத்தனை விதமாக உள்ளது? இப்போதே, அவர் உயிருடன் இருக்கும்போதே, எதைத் திருத்தலாம்?

2. உதாரணக் குடும்பத்தில் படிவத்தில் வர வேண்டிய உரித்தாளர் எத்தனை பேர்? (விடை: தாய், மூன்று பிள்ளைகள், இரண்டு பேரப்பிள்ளைகள் - ஆறு பேர்.)

3. உங்கள் சொந்தக் கணக்கில் யாருடைய பெயரைக் குறித்திருக்கிறீர்கள்? தெரியாவிட்டால் அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.