பேசாத நேரத்தையும் எழுது

அன்புத் தங்கைக்கு,

நூல் வெளியீட்டு விழாவுக்கு நீ எழுதிய தொகுப்புரையைப் படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது, அதில் கைவைக்க மாட்டேன். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு மேடையேற முடியாது. நீ பேசப்போவது மட்டும்தான் அதில் இருக்கிறது. நீ பேசாதபோது மேடையில் என்ன நடக்கும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. விழாவில் நேரம் கரைவது அங்கேதான்.

நூலை வெளியிடும் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நீ எழுதியிருப்பது நான்கு வரி. வாய்விட்டு வாசித்தால் 35 விநாடி. உண்மையில் என்ன நடக்கும்? வெளியிடுபவர், முதல் பிரதி பெறுபவர், ஆசிரியர் மூவரும் நாற்காலியிலிருந்து எழுந்து மேடையின் முன்னால் வர 25 விநாடி. தட்டில் வரும் நூலின் நாடாவை அவிழ்க்க 20. படமெடுப்பவர்களுக்காக நூலை உயர்த்திப் பிடிக்க 40. அடுத்து ஐந்து பேருக்குப் பிரதி கொடுக்க ஒன்றரை நிமிடம். எல்லாரும் இருக்கைக்குத் திரும்ப இன்னும் 20 விநாடி. உன் 35 விநாடியையும் சேர்த்துக் கூட்டினால் 3 நிமிடம் 50 விநாடி வருகிறது. உன் நான்கு வரியையும் முதலிலேயே சொல்லி முடித்துவிட்டால், மீதி மூன்று நிமிடத்துக்கு மேல் அரங்கம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் வரிகளைப் பிரித்து வை. அழைப்புக்கு ஒரு வரி. மூவரும் நடந்து வரும்போது நூலைப் பற்றி ஒரு வரி. நாடா அவிழும்போது எதுவும் பேசாதே, அந்தக் கைதட்டல் ஆசிரியருக்கு உரியது. ஐந்து பிரதிகளுக்கு ஐந்து பெயர், ஒவ்வொன்றும் முந்தையவர் படமெடுத்து நகர்ந்த பிறகு.

தாளில் இப்படி இருக்கும்:

50 | 6.24 | தலைமையுரை முடிந்து கைதட்டல் அடங்கியதும்
தொகுப்பாளர்: "நூலை வெளியிட அன்புடன் அழைக்கிறோம், (பெயர்)"
மேடை: வலப்பக்கத்திலிருந்து நூல்தட்டு. போடியம் மைக் மட்டும் திறந்திருக்கும்.

60 | 6.28 | ஐவரும் இருக்கையில் அமர்ந்ததும்
தொகுப்பாளர்: வாழ்த்துரைக்கு அழைப்பு
மேடை: தட்டு வெளியே. அடுத்த பொன்னாடை தயார்.

எண்களைப் பத்துப் பத்தாகப் போட்டிருப்பதைக் கவனி. கடைசி நேரத்தில் யாராவது வந்து ஒரு கௌரவிப்பைச் சேர்க்கச் சொன்னால் 55 என்று நுழைத்துவிடலாம். மற்றவர்களின் தாளில் எண் மாறாது.

குறிப்பைத் தொடங்கிவைப்பது கடிகாரம் அல்ல, முந்தைய செயலின் முடிவு. 6.24 என்பது நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று பார்ப்பதற்கு மட்டுமே. தலைமையுரை 6.30 வரை நீண்டால், 50ஆம் குறிப்பும் அதுவரை காத்திருக்கும்.

அழைப்பு வரியில் பெயர் கடைசியில் நிற்பதும் காரணத்தோடுதான். பெயரைக் கேட்டதும் அரங்கம் கைதட்டும். "இன்னாரை நூலை வெளியிட வருமாறு அன்புடன் அழைக்கிறேன்" என்று எழுதினால், பாதி வரி கைதட்டலில் மூழ்கிவிடும். எதற்காக அழைத்தாய் என்பதும் கேட்காது, மைக் பார்ப்பவருக்கும் வரி முடிந்தது தெரியாது. பட்டம், பதவியெல்லாம் முன்னால் வரட்டும். பெயரை அவரவர் எழுதும் விதத்திலேயே, முதலெழுத்தோடு, தடித்த எழுத்தில் போடு.

தமிழ்த்தாய் வாழ்த்துக்குத் தனிக்கவனம் வேண்டும். அரசு ஆணைப்படி அது 55 விநாடி. ஆனால் நீ எழுந்து நிற்கச் சொன்னதும் கூட்டம் முழுதும் எழ 15 விநாடியாவது ஆகும். அதற்குள் இசையை ஓடவிட்டால் முதல் அடி நாற்காலிச் சத்தத்தில் போய்விடும். "அனைவரும் நின்றபின், தொகுப்பாளர் கை காட்டியதும்" என்று மைக்செட்காரர் தாளில் எழுதிவிடு. பாட்டு கைபேசியிலிருந்து ஒலிப்பதானால் விமானப் பயன்முறையில் வைக்கச் சொல். இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு மணி ஒலிபெருக்கியில் கேட்கும்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடு. 8 மணிக்கு நாட்டுப்பண் முடிய வேண்டும். அது 52 விநாடி. எழுந்து நிற்பதையும் சேர்த்தால் 7.58க்கு நன்றியுரை முடிந்தாக வேண்டும். இப்படியே மேலே போனால் சிறப்புரை எப்போது தொடங்கியே ஆகவேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த நேரத்தைச் சிவப்பில் வட்டமிடு.

யாராவது பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டியதைப் பதினெட்டு நிமிடம் பேசுவார். அடுத்த பேச்சாளரின் நேரத்தை வெட்டி அதை ஈடுகட்டாதே. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. உன் இணைப்புரைகளில் வெட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக எழுதி வை: 40 விநாடியில் ஒன்று, 12 விநாடியில் ஒன்று. குட்டையானதைத் தாளின் ஓரத்தில் வேறு நிறத்தில் எழுது. ஆறு இணைப்புகளைக் குட்டையாக்கினால் ஏறக்குறைய மூன்று நிமிடம் மிஞ்சும். மீதி ஐந்து நிமிடத்துக்குப் பொன்னாடைகளை ஒன்றாகச் சேர்த்துப் போடலாமா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசி, அந்த முடிவையும் தாளில் குறித்துவை.

அச்செடுக்கும்போது ஒரு பக்கம் மட்டும். பக்கம் புரளும் இடத்தில் எந்தக் குறிப்பும் இரண்டாக உடையக் கூடாது. நான்கு படி போதும்: உனக்கு, மைக்செட்காரருக்கு, மேடையோரம் தட்டும் பொன்னாடையும் எடுத்துத் தருபவருக்கு, அமைப்பாளருக்கு. திருத்திய தாளை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்