பொதுக் கணினியில் கடவுச்சொல்: திரை விசைப்பலகை எவ்வளவு காக்கும்?

ஆய்வகம் மின்னஞ்சலில் அனுப்பிய இரத்தப் பரிசோதனை அறிக்கையை, கீழ்க்கட்டளையிலோ மடிப்பாக்கத்திலோ ஒரு பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துக்கொண்டு எங்களிடம் வரும் குடும்பத்தினர் பலர். அந்தக் கணினியில் ‘கீலாகர்’ இருந்தால், தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தும் பதிவாகிவிடும். திருடனுக்கு வேண்டியது சர்க்கரை அளவன்று, மின்னஞ்சலின் கடவுச்சொல். அது கிடைத்தால் அந்த முகவரியோடு இணைந்த பிற கணக்குகளின் கடவுச்சொற்களையும் அவன் மாற்ற முயலலாம்.

கீலாகர் இருவகைப்படும். ஒன்று, விசைப்பலகையின் வயருக்கும் கணினிக்கும் நடுவே செருகப்படும் விரல்நுனி அளவான கருவி. சி.பி.யு.வின் பின்புறம் பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படும். மற்றொன்று கணினிக்குள் மறைந்து இயங்கும் மென்பொருள்; அதைக் கண்ணால் அறிய வழியில்லை.

விண்டோஸ் கணினியில் Windows + Ctrl + O விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையில் விசைப்பலகை தோன்றும். மவுஸால் சொடுக்கித் தட்டச்சு செய்தால், வயரில் செருகிய கருவிக்கு ஒன்றும் கிட்டாது. ஆனால் இத்திரைப்பலகை, உண்மையான விசையை அழுத்தியது போன்ற சமிக்ஞையையே கணினிக்குள் அனுப்புகிறது. ஆகவே மென்பொருள் கீலாகர் அதையும் பதிந்துகொள்ளும். இதனைப் பலர் அறிவதில்லை.

சில வங்கிகளின் இணையப் பக்கத்திலேயே வரும் விசைப்பலகை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே விசைச் சமிக்ஞை பிறப்பதில்லை. வெறும் மவுஸ் சொடுக்கு மட்டுமே. எனினும், ஒவ்வொரு சொடுக்கின்போதும் திரையைப் படமெடுக்கும் கீலாகர்களும் உள்ளன. கையுறை அணிந்தபின் கைகழுவத் தேவையில்லை என்று எண்ணுவதைப் போன்றதுதான், திரைப்பலகையை மட்டும் நம்புவது.

ஒருமுறைக் குறியீடு வேறு வழியில் காக்கிறது: அது பதிவானாலும், பயன்பட்டபின் செல்லாது. ஆபா கணக்கில் கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு நுழைந்தால், திருடுவதற்குக் கடவுச்சொல்லே அங்கு இல்லை. ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பை முன்னரே இயக்கியிருந்தால், எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் காப்புக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நோயாளியின் கைப்பேசி அருகில் இல்லாத வேளையில் துணைவருக்கு அவற்றுள் ஒன்று போதும். கீலாகரில் கடவுச்சொல்லும் அந்தக் குறியீடும் பதிவாகும். மறுநாள் திருடன் நுழைய முயன்றால் புதிய குறியீடு கேட்கப்படும். பயன்படுத்தியதைத் தாளில் உடனே அடித்துவிடுங்கள்.

இங்கே ஒரு சிறு கட்டம் எல்லாவற்றையும் கெடுத்துவிடக்கூடும். குறியீடு கேட்கும் பக்கத்தில் ‘Don't ask again on this device’ என்னும் வரியின் அருகே டிக் இருந்தால் நீக்குங்கள். இல்லையேல் அக்கணினி அடுத்தமுறை குறியீடு கேட்காது. மேலும், நீங்கள் உள்ளே இருக்கும் வரை கணக்கு திறந்தே இருக்கிறது. அதைக் குறியீடு தடுக்காது. அச்செடுத்ததும் வெளியேறி, டவுன்லோட்ஸ் கோப்புறையில் உள்ள அறிக்கையை அழித்துவிட்டு, வீடு திரும்பியதும் சொந்தக் கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள்.