எலெக்ட்ரானிக்ஸ் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

போன வாரம் மன்றத்தில் சேர்ந்த எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி: "அக்கா, என்னென்ன வாங்கணும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்குது. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

பெரிய பெட்டியாக விற்கும் கிட் வேண்டாம். நாலு பென்சில் செல், அதைப் போட ஒரு செல் ஹோல்டர், சின்ன பிரெட்போர்டு, கொஞ்சம் ஒற்றைக் கம்பி வயர், சிவப்பு எல்.இ.டி. ஐந்து, வெள்ளை எல்.இ.டி. இரண்டு, பி.சி. 547 டிரான்சிஸ்டர் இரண்டு, எல்.டி.ஆர். ஒன்று. ரெசிஸ்டரில் 470 ஓம், 47 கிலோ ஓம், 100 கிலோ ஓம் மூன்றிலும் ஐந்தைந்து. அவ்வளவுதான். மல்டிமீட்டர் மன்றத்துக்கு ஒன்று போதும். சால்டரிங் அயர்ன் இப்போது வேண்டவே வேண்டாம். வீட்டுக் கரண்ட் பக்கம் போகவே கூடாது, நமக்கு நாலு செல்லின் 6 வோல்ட் போதும்.

முதல் வேலை ஒரு எல்.இ.டி.யை எரிய வைப்பது. இதில் என்ன இருக்கு என்று நினைக்காதீர்கள். நான் முதல் நாளே ஒன்றை நேராக செல்லில் வைத்துப் பொசுக்கினேன். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்தான் எடுத்துக்கொள்ளும். மீதி 4 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். 4ஐ 470ஆல் வகுத்தால் 0.0085 ஆம்பியர், அதாவது எட்டரை மில்லி ஆம்பியர். எல்.இ.டி.க்கு அது நல்ல அளவு. நீளக் கால் பிளஸ் பக்கம் இருக்கணும்.

470 ஓமின் வளையங்கள் மஞ்சள், ஊதா, பழுப்பு. மூன்றாவது வளையம் சிவப்பாக இருந்தால் அது 4700 ஓம். சாயங்கால மங்கலில் நான் பழுப்பையும் சிவப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டு, எல்.இ.டி. கெட்டுப்போச்சு என்று இரண்டு நாள் புலம்பினேன். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகிவிட்டதால் அது மினுக் மினுக்கென்று இருந்தது. கெட்ட எல்.இ.டி. பெரும்பாலும் எரியவே எரியாது, மங்கலாக எரிந்தால் முதலில் ரெசிஸ்டரைப் பாருங்கள். கொஞ்சம்கூட எரியாவிட்டால் பிரெட்போர்டைப் பாருங்கள். ஒரு வரிசையில் இருக்கும் ஐந்து துளையும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். எல்.இ.டி.யின் இரண்டு காலையும் ஒரே வரிசையில் குத்தினால் கரண்ட் அதன் வழியாகப் போகாமல் அந்தத் தகடு வழியாகவே போய்விடும்.

இரண்டாவது வேலைதான் எனக்குப் பிடித்தது, இருட்டினால் தானாக எரியும் விளக்கு. எங்க அம்மா ஏலத் தோட்டத்துக்கு விடியுமுன்னே ஜீப்பில் போகணும். கரண்ட் இல்லாத நாளில் வாசல் படி தெரியாது. ஒரு தடவை வழுக்கி விழுந்து முட்டியில் அடி. அதற்காகச் செய்தேன்.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்த்து, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் மைனஸுக்கு. பிளஸிலிருந்து 470 ஓம், அதற்கடுத்து எல்.இ.டி., அது கலெக்டருக்கு. பிளஸிலிருந்து 47 கிலோ ஓம் பேஸுக்கு, பேஸிலிருந்து எல்.டி.ஆர். மைனஸுக்கு. வெளிச்சத்தில் எல்.டி.ஆரின் தடை குறைவு. அதனால் பேஸுக்கு வரும் மின்சாரத்தை அது மைனஸுக்கு இழுத்துவிடும், விளக்கு எரியாது. இருட்டில் அதன் தடை பல மடங்கு ஏறும். பேஸில் 0.6 வோல்ட் தாண்டியதும் டிரான்சிஸ்டர் திறந்து விளக்கு எரியும்.

வாசல் படிக்குச் சிவப்பைவிட வெள்ளை எல்.இ.டி. நல்லது. ஆனால் அதற்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், இரண்டு செல்லில் சரியாக எரியாது. நாலு செல் வாங்கச் சொன்னது இதற்குத்தான். வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது உண்மையில் நீல எல்.இ.டி., மேலே மஞ்சள் பூச்சு. அந்த நீலத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

என் விளக்கில் இரண்டு கோளாறு வந்தது. முதல் கோளாறு, இருட்டிலும் அரைகுறையாக எரிந்து நடுங்கியது. எல்.இ.டி.யின் வெளிச்சம் எல்.டி.ஆர். மேலேயே பட்டதால், விடிந்துவிட்டது என்று அது ஏமாந்துபோனது. நடுவில் கறுப்பு அட்டை வைத்ததும் சரியானது. இரண்டாவது நம்ம ஊருக்கே உரியது. மலையில் மஞ்சு இறங்கின ஒரு நாள், மத்தியானம் மூன்று மணிக்கே எரிந்தது! 47 கிலோவை எடுத்துவிட்டு 100 கிலோ ஓம் போட்டேன். இப்போது நல்லா இருட்டினால்தான் எரிகிறது. ராத்திரி முழுக்க எரிவதால் சாதா செல் ஒரு வாரம் ஓடினாலே பெரிசு. ஈரத்தில் செல் முனையில் பச்சை பூக்கும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

முடித்தவர்கள் செல் போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், அறிவியல் ரூமில் இருப்பேன்.