ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பிறகு ஏன் தலை வலிக்கிறது?

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கபடி ஆடும்போது பின்புறமாக விழுந்தான். தலை தரையில் மோதியது. மயக்கம் வரவில்லை. ஆனால், "யாரு ஜெயிச்சாங்க?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். மீண்டும் ஆட விடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ச்சிதான் என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்தவன், இரண்டாம் பாடவேளையிலேயே எழுத முடியாமல் மேசையில் தலை சாய்த்துவிட்டான். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்களே டீச்சர், நடிக்கிறானோ?" என்றார் அவன் அம்மா. பெற்றோர் பலருக்கும் எழும் கேள்வி இது. அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அடிபட்ட வேகத்தில் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. அப்போது நரம்புச் செல்களில் இருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது; கால்சியம் உள்ளே புகுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப, செல்கள் குளுக்கோஸை ஏராளமாகச் செலவழிக்கின்றன. அதே சமயம் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தேவை கூடி, வரவு குறைந்த நிலை அது. இந்தப் பற்றாக்குறை ஸ்கேனில் தெரியாது. கரும்பலகையைப் பார்த்து நாலு வரி எழுதும்போது தலைவலியாகத் தெரியும்.

முதல் ஓரிரு நாள் வீட்டில் ஓய்வு. செல்போன், டிவி மிகக் குறைவாக. மெதுவாக நடக்கலாம். வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதும் தவறுதான். அது குணமாவதைத் தாமதப்படுத்தும்.

அவனை முதலில் முற்பகல் மட்டும் வரச் சொன்னோம். நண்பனின் குறிப்பேட்டை நகல் எடுத்துக் கொடுத்தோம், தேர்வுகளைத் தள்ளிவைத்தோம். தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அவனையே சொல்லச் சொன்னேன். காலையில் 2 என்றவன் கணக்குப் பாடத்தின்போது 5 என்றான். உடனே ஓய்வறைக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அடங்கும் லேசான வலிக்காகப் படிப்பை நிறுத்த வேண்டாம். இப்படி ஏறினால் அன்றைய வேலையைக் குறைக்க வேண்டும். இரண்டாம் வாரம் முழுநாளும் உட்கார்ந்தான்.

விளையாட்டு கடைசியில்தான். முழுநாள் பள்ளியைத் தொல்லையின்றித் தாங்கிய பிறகு மெல்லோட்டம், பிறகு மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்தபின் கபடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்; தொல்லை திரும்பினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். குணமாகும் முன் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். போட்டி நெருங்குகிறது என்று உடற்கல்வி ஆசிரியர்கள் அவசரப்படக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, கண்பாவை ஒன்று பெரிதாகத் தெரிவது இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

அவன் நான்காம் வாரம் களத்தில் இறங்கினான். தள்ளிவைத்த கணக்குத் தேர்வை அதற்கு முந்தைய நாளே எழுதி முடித்திருந்தான்.